மூன்று ரூபாய் நாற்பது காசு எங்கிருந்து வந்தது?

2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்குப் புதிய மீட்டர் கட்டணத்தை அறிவித்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். எத்தனை ஆட்டோக்கள் அந்த மீட்டரைப் போட்டு ஓடின என்பது தனிக்கதை. கணக்கு வாத்தியார்களுக்கு அந்த அறிவிப்பால் வேறொரு லாபம் கிடைத்தது. வகுப்பில் சாய்வு, வெட்டுத்துண்டு என்று சொன்னவுடன் கண் செருகும் பிள்ளைகளுக்கு அவற்றை விளக்க அதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்த ஒருவருக்கு இந்தக் கட்டண விதி தெரியாது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டியதை மட்டும் சில பயணங்களில் குறித்து வைத்திருக்கிறார்.

| தூரம் (கி.மீ.) | கட்டணம் (ரூ.) |
|---|---|
| 3 | 39.40 |
| 5 | 63.40 |
| 8 | 99.40 |
| 10 | 123.40 |

விதியை இந்த நான்கு வரிகளிலிருந்தே அவரால் கண்டுபிடித்துவிட முடியும். முதலில் சாய்வு. தூரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் கட்டணம் எவ்வளவு கூடுகிறது என்பதுதான் அது. 3 கிலோமீட்டருக்கும் 5 கிலோமீட்டருக்கும் இடையே கட்டணம் 24 ரூபாய் ஏறியிருக்கிறது. தூரமோ 2 கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது. 24-ஐ 2-ஆல் வகுத்தால் 12. அடுத்த வரியில் 36 ரூபாய் ஏற்றம்.

இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். முதலில் 24, பிறகு 36, அதற்கடுத்து மறுபடியும் 24. ஏற்றம் ஒரே அளவில் இல்லையே, இது நேர்க்கோடாக இருக்காதே என்று தோன்றும். கட்டணப் பத்தியை மட்டும் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. 5-லிருந்து 8-க்குப் போகும்போது தூரம் 3 கிலோமீட்டர் கூடியிருக்கிறது. 36-ஐ 3-ஆல் வகுத்தால் அதே 12. கடைசி இரண்டு வரிகளிலும் 24-ஐ 2-ஆல் வகுத்தால் 12. எங்கே எடுத்தாலும் வகுத்து வரும் எண் மாறவில்லை என்றால்தான் புள்ளிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றன என்று பொருள். பள்ளிப் பயிற்சிப் பாடங்களில் முதல் பத்தி 1, 2, 3 என்று ஒழுங்காகப் போவதால் வகுக்கவேண்டிய அவசியமே பல பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இன்னொரு வரியையும் சேர்த்துப் பார்க்கலாம்: 12 கிலோமீட்டர், 154.40 ரூபாய். முந்தைய வரியிலிருந்து ஏற்றம் 31 ரூபாய், தூரம் 2 கிலோமீட்டர், வகுத்தால் 15.50. இந்த ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டு மேலே நிற்கிறது. கோட்டின்படி 12 கிலோமீட்டருக்கு 147.40 ரூபாய்தான் வரவேண்டும். மிச்சம் 7 ரூபாய். அன்றைய விதியில் ஐந்து நிமிடக் காத்திருப்புக்கு 3.50 ரூபாய் உண்டு. அந்தப் பயணத்தில் வண்டி எங்கோ பத்து நிமிடம் நின்றிருக்கிறது. முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டிருந்தால் சாய்வு ஏறக்குறைய 12.78 என்று வந்திருக்கும். காத்திருந்த கதை வெளியே தெரிந்தே இருக்காது.

அடுத்தது வெட்டுத்துண்டு. கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடத்தில் உள்ள மதிப்பு, அதாவது தூரம் பூஜ்ஜியமாக இருக்கும்போது கோடு காட்டும் கட்டணம். அட்டவணையில் பூஜ்ஜியம் என்ற வரியே கிடையாது. அதனால் முதல் வரியில் இருக்கும் 39.40-ஐ வெட்டுத்துண்டு என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. அது 3 கிலோமீட்டருக்கு உரிய கட்டணம். அங்கிருந்து பூஜ்ஜியத்துக்கு மூன்று கிலோமீட்டர் பின்னால் நடக்கவேண்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் வீதம் 36 ரூபாய் கழிகிறது. மிச்சம் 3.40.

ஆக, கட்டணத்தை y என்றும் தூரத்தை x என்றும் எழுதினால்:

y = 12x + 3.4

சரிதானா என்று பார்க்க, கணக்கில் பயன்படுத்தாத ஒரு வரியை எடுத்துக்கொள்வது நல்லது. 8 கிலோமீட்டருக்கு 96-உடன் 3.40 சேர்த்தால் 99.40. அட்டவணையும் அதையே சொல்கிறது.

ஆனால் அரசு அறிவிப்பில் 3.40 என்ற எண்ணே இல்லை. ஏறி உட்கார்ந்தாலே 25 ரூபாய்தானே? உண்மைதான். 12x + 3.4 என்ற கோடு 1.8 கிலோமீட்டரில்தான் தொடங்குகிறது. அங்கே அதன் மதிப்பு 21.60-உம் 3.40-உம் சேர்ந்து 25 ரூபாய். அதற்கு முன்னால் கட்டணம் 25-லேயே படுத்துக் கிடக்கிறது. அந்தப் பகுதியின் சாய்வு பூஜ்ஜியம். 3.40 என்பது கோட்டை இல்லாத இடத்துக்கு நீட்டினால் கிடைக்கும் எண். கோட்டை வரைய அது தேவை. யாரும் கொடுக்கும் கட்டணம் அல்ல. குறித்துக்கொண்ட பயணங்கள் எல்லாமே 3 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை அட்டவணையால் சொல்லவே முடியாது.

மீட்டர் காட்டும் எண்கள் விதிப்படி வருபவை. கையால் அளந்து எடுக்கும் எண்கள் அவ்வளவு சொன்னபடி கேட்காது. இயற்பியல் ஆய்வகத்தில் சுருள்வில்லில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு நீளம் அளக்கும் சோதனையில் இப்படி ஓர் அட்டவணை வரலாம்.

| நிறை (கிராம்) | வில்லின் நீளம் (செ.மீ.) |
|---|---|
| 50 | 14.1 |
| 100 | 16.0 |
| 150 | 18.1 |
| 200 | 19.9 |
| 250 | 22.0 |

முதல் இரண்டு வரிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் சாய்வு 0.038, வெட்டுத்துண்டு 12.2. கடைசி இரண்டு வரிகளில் 0.042, 11.5. அளவுகோலைப் படிப்பதில் ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக இருந்ததற்கே வெட்டுத்துண்டு ஏழு மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் சிறிய பிழையும் சாய்வை அசைத்துவிடும். பூஜ்ஜியம் வரை பின்னால் போகப் போக அது பெருகும்.

அதனால் இங்கே வேறு வழி. ஐந்து புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்து, சில புள்ளிகள் மேலும் சில கீழுமாக அமையும்படி நடுவே ஒரு கோடு வரையவேண்டும். பிறகு அட்டவணையை மறந்துவிட்டு, அந்தக் கோட்டின் மேலேயே தள்ளித் தள்ளி இரண்டு இடங்களைப் படிக்கவேண்டும். 20 கிராமில் 12.9, 240 கிராமில் 21.6 என்று கோடு காட்டினால், 8.7-ஐ 220-ஆல் வகுக்க சாய்வு சுமார் 0.0395. 20 கிராமுக்கு அதில் 0.8 கழித்தால் வெட்டுத்துண்டு 12.1 சென்டிமீட்டர்.

தாளை மிச்சப்படுத்தக் கிடை அச்சை 50-லிருந்து தொடங்கிய மாணவர் ஒருவர், கோடு இடது ஓரத்தைத் தொடும் இடத்தைப் பார்த்து 14.1 என்று எழுதுவார். அவர் படித்தது 50 கிராமுக்கு உரிய நீளம். ஓரத்தில் நிற்கும் அச்சில் பூஜ்ஜியம் இல்லாவிட்டால் வெட்டுத்துண்டை அங்கே படிக்கக்கூடாது. சாய்வைக் கொண்டு கணக்கிட்டே எடுக்கவேண்டும். இந்தச் சோதனையில் சந்தேகம் தீர எளிய வழியும் இருக்கிறது: எடைக்கல்லை எல்லாம் எடுத்துவிட்டு, சும்மா தொங்கும் வில்லின் நீளத்தை அளவுகோலால் அளந்து பார்த்தால், அது 12.1-க்குப் பக்கத்தில் இருக்கிறதா 14.1-க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.