தொடுகோட்டில் ஏறி விடைக்கு இறங்குவது

x³ − 2x − 5 = 0. நியூட்டன் 1669இல் எழுதிய ஏட்டில் தீர்த்துக்காட்டிய சமன்பாடு இது. அவர் அப்போது தொடுகோடு எதையும் வரையவில்லை; இயற்கணிதத்தாலேயே விடையைத் திருத்திக்கொண்டு போனார். 1690இல் ராஃப்சன் அதைச் சுருக்கி எழுதினார். இன்று இருவர் பெயராலும் வழங்கும் முறை இதுதான்: உத்தேசமாக ஒரு புள்ளியை எடு, அங்கே வளைகோட்டுக்குத் தொடுகோடு வரை, அது x அச்சை வெட்டும் இடத்தை அடுத்த உத்தேசமாக வை.

கணக்கில், கோவையின் மதிப்பைச் சாய்வால் வகுத்து, x-இலிருந்து கழிக்க வேண்டும். சாய்வு 3x² − 2. x = 2 என்று தொடங்கினால் மதிப்பு −1, சாய்வு 10. அடுத்தது 2.1. அங்கே மதிப்பு 0.061, சாய்வு 11.23, அடுத்தது 2.094568. இன்னும் ஒரு முறை செய்தால் 2.0945514817. உண்மையான விடை 2.0945514815.

பிழைகளைப் பாருங்கள்: 0.09, 0.005, 0.000017, 0.00000000016. ஒவ்வொன்றும் ஏறத்தாழ முந்தைய பிழையின் வர்க்கத்தில் பாதி. தொடுகோடு வளைகோட்டின் திசையைப் பிடித்துக்கொள்கிறது, வளைவை மட்டும் விட்டுவிடுகிறது. அந்த விடுபடல் தூரத்தின் வர்க்கத்தோடு சுருங்குவதால், சரியான இலக்கங்கள் படிக்குப் படி சுமார் இரட்டிப்பாகின்றன. இதைத்தான் இரண்டாம் வரிசைக் குவிதல் என்கிறார்கள்.

ஆனால் இந்த வேகம் விடைக்கு அருகில் மட்டுமே. இதே சமன்பாட்டை 0.8இல் தொடங்கினால் சாய்வு வெறும் −0.08. ஏறக்குறைய படுத்துக்கிடக்கும் அந்தத் தொடுகோடு நம்மை −75.3இல் கொண்டுபோய் எறிகிறது.

கடைசி எண்ணை மட்டும் மாற்றி x³ − 2x + 2 = 0 என்று எழுதி, 0இல் தொடங்குங்கள். அடுத்தது 1. அதற்கடுத்தது மறுபடி 0. ஆயிரம் முறை செய்தாலும் செக்குமாடுதான், விடையோ −1.77 அருகே இருக்கிறது.

x² − 2x + 1 = 0 வேறு ரகம். வளைகோடு அச்சைத் தொட்டுவிட்டுத் திரும்புவதால் விடையிலேயே சாய்வு பூஜ்யம். 2, 1.5, 1.25, 1.125 என்று பிழை பாதி பாதியாகத்தான் குறையும். விடை கிடைக்கும், வேகம் கிடைக்காது.

எது நடக்கிறது என்பதை விடை தெரியாமலே, எடுத்துவைக்கும் அடியின் நீளத்தைக் கொண்டு சொல்லிவிடலாம். முதல் கணக்கில் அடிகள் 0.1, 0.0054, 0.000017. பாதி பாதியாகக் குறைந்தால் இரட்டை விடை என்று சந்தேகிக்கலாம். குறையாமல் நின்றால் சுழற்சி. திடீரென்று பெருத்தால் சாய்வு மிகச் சிறிது.

காப்பும் எளிது. நியூட்டனின் சமன்பாட்டில் x = 2இல் மதிப்பு −1, x = 3இல் 16. குறி மாறுவதால் விடை இடையில்தான் இருக்க வேண்டும். தொடுகோடு இந்த வேலியைத் தாண்டினால், அந்த அடியைத் தள்ளிவிட்டு நடுப்புள்ளியான 2.5ஐ எடுத்து, குறி மாறும் பாதியை மட்டும் புது வேலியாக வைத்துத் தொடர்ந்தால் போதும்.