தம்பியின் கணக்குகளுக்கு ரீசெட் பொத்தான் இல்லை

எங்கள் வீட்டுக் கைக்கணினிக்கு வயது 7. தம்பி பாலர் பள்ளியில் இருந்தபோது வாங்கிய, 8 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லட் அது. அம்மா சமையல் காணொளி பார்ப்பார், நான் எப்போதாவது பாட நூல் வாசிப்பேன், மற்ற நேரமெல்லாம் அது தம்பியின் கையில்தான். இப்போது அவன் தொடக்கநிலை 5. சென்ற ஜூன் விடுமுறையில் ஜோகூர் பாருவிலிருந்து சித்தி வந்திருந்தபோது, அதை அவர் மகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சொன்னார்.

"ரீசெட் பண்ணிட்டுக் கொடுத்துடும்மா. அஞ்சு நிமிஷ வேலைதானே?"

வீட்டில் கணினி படிப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் வேலை என்னிடம் வந்தது. முடிக்க 9 நாள் ஆனது. அந்த ஐந்து நிமிடம் உண்மையிலேயே ஐந்து நிமிடம்தான். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவற்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ரீசெட் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாதனத்தின் உள்சேமிப்பில் இருக்கும் படம், செயலி, மறைச்சொல் எல்லாவற்றையும் அது அழிக்கும். இப்போதைய ஆண்ட்ராய்டு சாதனங்களில் இந்தத் தரவு பூட்டிய வடிவில்தான் எழுதப்பட்டிருக்கும். ரீசெட் அந்தப் பூட்டின் சாவியை அழித்துவிடுவதால் மிச்சம் இருப்பதை யாராலும் வாசிக்க முடியாது. ஆனால் மெமரி கார்டைப் பொதுவாக அது தொடுவதில்லை. இணையத்தின் மறுமுனையில், நிறுவனங்களின் கணினிகளில் தம்பி பெயரில் இருக்கும் கணக்குகளையும் அது தொடாது. தொடவும் முடியாது.

எனவே முதல் வேலை, அவனுக்கு எத்தனை கணக்குகள் இருக்கின்றன என்று கண்டுபிடிப்பது. அவனையே கேட்டேன். விரல்விட்டு எண்ணி, நான்கு என்றான்.

அவனுடைய கூகல் கணக்கு, அம்மா ஃபேமிலி லிங்க் வழியாக மேற்பார்வை செய்யும் சிறுவர் கணக்கு. அதில் மூன்று இடங்களில் தேடினேன். `myaccount.google.com/connections` பக்கம், கூகல் கணக்கைக் கொண்டு எந்தெந்தச் சேவைகளுக்குள் நுழைந்தோம் என்பதைக் காட்டும். `passwords.google.com` பக்கத்தில் சேமித்த மறைச்சொற்கள் இருக்கும். மூன்றாவது அஞ்சல்பெட்டி. தேடல் கட்டத்தில் `verify`, `welcome`, `username` என்று ஒவ்வொன்றாகப் போட்டால், என்றோ தொடங்கி மறந்துபோன கணக்குகளின் முதல் கடிதங்கள் வரிசையாக வந்து நிற்கும். பிறகு அதே சொற்களை அம்மாவின் அஞ்சல்பெட்டியிலும் தேடினேன். சின்னப் பிள்ளைக்குக் கணக்குத் தொடங்கும்போது பெற்றோர் தங்கள் முகவரியைத்தானே கொடுப்பார்கள்? கடைசியில் சேர்ந்த எண்ணிக்கை 14.

அவற்றில் பெரும்பாலானவை ஒருநாள் விளையாடிவிட்டு விட்டவை. உள்ளே நுழைந்து, அமைப்புகளில் கணக்கை நீக்கும் பொத்தானை அழுத்தியதும் முடிந்தன. சந்தா ஏதாவது ஓடுகிறதா என்பதை மட்டும் பிளே ஸ்டோரில் தனியாகப் பார்த்தேன். செயலியை அகற்றினாலும் சந்தா நிற்காது.

ஓவியம் பகிரும் செயலி ஒன்று அப்படி எளிதாக இல்லை. தம்பிக்கு 8 வயதாக இருந்தபோது அதில் படங்கள் போட்டிருக்கிறான். கணக்கின் பக்கத்தை, கணக்குக்குள் நுழையாமல், உலாவியின் தனிப்பட்ட சாளரத்தில் திறந்து பார்த்தேன். முழுப் பெயர், படிக்கும் வகுப்பு, அதற்குக் கீழே ஓவியப் போட்டிச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு பள்ளிச் சீருடையில் அவன் நிற்கும் படம். சான்றிதழில் பள்ளியின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. உலகில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"அக்கா, அதை நான் எப்பவோ டெலிட் பண்ணிட்டேனே!" என்றான். அவன் நீக்கியது திரையில் இருந்த செயலியை. கணக்கு மூன்று ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கிறது.

நீக்கச் சொன்னதும் அந்தச் சேவை ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பியது. எங்கே? தம்பியின் ஜிமெயிலுக்கு. எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் முதல் நாள் நான் போட்டிருந்த திட்டத்தில் முதல் வரி, "தம்பியின் கூகல் கணக்கை நீக்கு" என்பதுதான். அதை மட்டும் முதலில் செய்திருந்தால் குறியீடு வரும் பெட்டியே இருந்திருக்காது. சீருடைப் படம் நீக்க ஆளில்லாமல் இணையத்தில் தங்கியிருக்கும். மின்னஞ்சல் கணக்குதான் மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் சாவி. அது கடைசியாகத்தான் போக வேண்டும்.

அந்தச் சேவை கணக்கை உடனே அழிப்பதில்லை, 30 நாள் காத்திருக்கும். சில சேவைகளில் கணக்கு போன பிறகும் பதிவுகள் மட்டும் பெயரில்லாமல் தங்கிவிடும். ஆகவே நீக்குவதற்கு முன்பே படங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன், பெயரை வெறும் எழுத்துகளாக மாற்றினேன், அதன் பிறகே பொத்தானை அழுத்தினேன்.

ஒரு விளையாட்டுக் கணக்கில் வேறு வகைச் சிக்கல். பெற்றோர் சார்பில் நீக்கக் கோரும் படிவம் ஒன்று அங்கே இருந்தது. ஆனால் கணக்கில் பதிவாகியிருந்த பிறந்த ஆண்டு 1988. வயதுக் கட்டுப்பாட்டைத் தாண்ட அன்றைக்கு வீட்டில் யாரோ போட்டது (அது நான்தான் என்று தம்பி சாதிக்கிறான்). பதிவின்படி அது பெரியவரின் கணக்கு, அதனால் பெற்றோர் படிவம் பொருந்தவில்லை. மறைச்சொல்லை மாற்றி, கணக்குக்குரியவராகவே உள்ளே போய்த்தான் நீக்க முடிந்தது.

நீக்கும் பொத்தானே இல்லாத இடமும் உண்டு. தம்பி இரண்டு மாதம் பயன்படுத்திய, இங்குள்ள துணைப்பாடச் செயலி ஒன்று அப்படி. அதில் அவன் பெயர், பிறந்த தேதி, தேர்வு மதிப்பெண்கள், அம்மாவின் தொலைபேசி எண் எல்லாம் இருந்தன. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். தனியுரிமை அறிக்கையின் அடியில் அந்த முகவரி கிடைத்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. "என் தகவலை அழியுங்கள்" என்று கட்டளையிடும் உரிமையை நம் சட்டம் நேரடியாகத் தரவில்லை. கொடுத்த ஒப்புதலை மீட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. மீட்டுக்கொண்டால் நிறுவனம் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். தவிர, எந்த நோக்கத்துக்காக வாங்கியதோ அது முடிந்து, சட்டத்துக்கோ வணிகத்துக்கோ தேவையும் இல்லையென்றால், நிறுவனம் அதைத் தொடர்ந்து வைத்திருக்கக்கூடாது. இந்த இரண்டையும் குறிப்பிட்டு அம்மா பெயரில் கடிதம் எழுதினோம். பயனர் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல், ஒப்புதலை மீட்டுக்கொள்கிறோம் என்ற ஒரு வரி, எது அழிந்தது என்று எழுத்தில் தெரிவிக்கும்படி ஒரு வரி. அவ்வளவுதான். அம்மா பிறப்புச் சான்றிதழை இணைக்கப் போனார், தடுத்துவிட்டேன். தகவலை அழிக்கச் சொல்லும் கடிதத்தில் புதிய தகவலைக் கொடுப்பானேன்? 12 நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டண ரசீதைத் தவிர மற்றவற்றை அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.

பள்ளியின் எஸ்எல்எஸ் கணக்கு இந்தப் பட்டியலில் சேராது. அது கல்வி அமைச்சின் தளம், அவன் இன்னும் அதில்தான் பாடம் செய்கிறான். வெளியேறிவிட்டு, கைக்கணினியில் சேமித்திருந்த மறைச்சொல்லை மட்டும் எடுத்தேன்.

இவ்வளவையும் செய்துகொண்டிருந்தபோது அழிப்பது மட்டும்தான் என் மனத்தில் இருந்தது. மாற்றியவன் தம்பி. "பாட்டி கதை சொன்னது இருக்குமா?" என்று கேட்டான். பாட்டி இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. குரல் பதியும் செயலியைத் திறந்தால் 11 பதிவுகள் இருந்தன. எதுவும் மேகச் சேமிப்பில் இல்லை. தானியங்கிக் காப்பு படங்களையும் காணொளிகளையும்தான் எடுத்துக்கொண்டிருந்தது, குரல் பதிவுகளை அல்ல. கூகல் கணக்கில் இருப்பதை மொத்தமாகத் தரவிறக்க `takeout.google.com` இருக்கிறது, அதையும் செய்தேன். ஆனால் கணக்குக்குள் போனது மட்டும்தான் அதில் வரும். பதிவுகளைக் கம்பி வழியாக மடிக்கணினிக்கு மாற்றி, பதினொன்றையும் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்டோம். கோப்பின் பெயர் வந்துவிட்டதாலேயே உள்ளடக்கமும் வந்துவிட்டது என்று நம்பக்கூடாது. அன்று மாலை வேறு வேலை நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பா சொன்ன ஐந்து நிமிடம். அதிலும் வரிசை உண்டு. மெமரி கார்டைக் கழற்றினேன். அமைப்புகளில் அம்மாவின் கூகல் கணக்கு, தம்பியின் கூகல் கணக்கு, தயாரிப்பாளரின் கணக்கு மூன்றையும் சாதனத்திலிருந்து எடுத்தேன். தம்பியின் கணக்கை எடுக்க அம்மாவின் மறைச்சொல் கேட்டது. பிறகே `Factory data reset`.

கணக்கை எடுக்காமல் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்பவர்கள் இருக்கிறார்கள். திருட்டைத் தடுக்க 2015 முதல் ஆண்ட்ராய்டில் ஒரு பூட்டு இருக்கிறது. அப்படி ரீசெட் செய்த சாதனம் மறுபடி திறக்கும்போது பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்கும். என் மாமா வாங்கிய பழைய கைப்பேசி அப்படித்தான் மேசையில் பல மாதம் கிடந்தது. எங்கள் கைக்கணினியை இணையத்தில் இணைத்து, பழைய கணக்கைக் கேட்காமல் புதிய கணக்குப் பக்கம் வரும்வரை சென்று பார்த்துவிட்டு அணைத்தேன். சித்தி எடுத்துப் போனார்.

தம்பியின் கூகல் கணக்கை இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தோம். துணைப்பாடச் செயலியின் பதில் வரவேண்டும், ஓவியச் செயலியின் 30 நாள் முடியவேண்டும். அதன் பிறகு ஃபேமிலி லிங்க்கில் அம்மா அதை நீக்கினார். மனம் மாறினால் மீட்கக் கொஞ்ச காலம் இருக்கிறது. முழுதாக அழிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், காப்புச் சேமிப்புகளில் ஆறு மாதம் வரை இருக்கலாம் என்று கூகல் சொல்கிறது.

31ஆம் நாள், நீக்குவதற்கு முன்பு, ஓவியச் செயலியில் இருந்த தன் பக்கத்தின் முகவரியை என் மடிக்கணினியில் தம்பியே தட்டினான். அப்படி ஒரு பக்கம் இல்லை என்று வந்தது. நம்பாமல் இன்னொரு முறை தட்டிப் பார்த்தான்.