பாட்டி படத்தில் பின்னணி மட்டும் மாற வேண்டும்

வீட்டில் ஒரு பெரியவர் இறந்துபோனால் முதல் சில மணி நேரத்திலேயே தேவைப்படுவது ஒரு நல்ல படம். அஞ்சலிச் சுவரொட்டிக்கும் வேண்டும், சட்டம் போட்டு மாலை சாத்தவும் வேண்டும். தேடிப் பார்த்தால் அநேகமாகக் கிடைப்பது யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த படம்தான். பாட்டி அழகாகச் சிரித்துக்கொண்டிருப்பார். பின்னால் பச்சைத் திரையும் யாருடைய தோளோ ஒன்றும் இருக்கும். போட்டோஷாப்புக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். அது இல்லாதவர்கள் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து photopea.com என்று தட்டச்சு செய்தால் போதும்.

போட்டோபீயை எழுதியவர் இவான் குட்ஸ்கிர் என்ற புரோகிராமர். 2013-இல் வெளிவந்தது. எதையும் நிறுவ வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஓரத்தில் விளம்பரம் வரும், அதுதான் அவருக்கு முக்கிய வருமானம். நாம் திறக்கும் படம் அவருடைய சர்வருக்குப் போவதில்லை. இங்கே சொல்லும் வேலைகளுக்கான கணக்கு நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. வீட்டார் படத்தைக் கையாளும்போது இது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதே காரணத்தால், சேமிக்காமல் டேப்பை மூடினால் செய்த வேலையும் போய்விடும். ஆரம்பத்திலேயே File > Save as PSD கொடுத்துவிடுங்கள், அவ்வப்போது மறுபடியும் கொடுங்கள்.

படத்தை அனுப்பச் சொல்லும்போது வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் அளவு குறைந்து, முடியின் ஓரங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கலங்கிவிடும். அப்படிக் கலங்கிய ஓரத்தை எந்த மென்பொருளாலும் சுத்தமாக வெட்ட முடியாது.

படம் திறந்ததும் Ctrl+J அழுத்துங்கள். அதே படம் இன்னொரு லேயராக மேலே வந்து உட்காரும். கீழே உள்ள மூலப் படத்தின் கண் அடையாளத்தைத் தட்டி மறைத்துவிட்டு, இனி மேல் லேயரில் மட்டும் வேலை செய்யலாம். இடப்பக்கக் கருவிகளில் Quick Selection எடுத்து, பாட்டியின் முகம், கழுத்து, புடவை என்று மேலே இழுத்துக்கொண்டே போனால் ஓரத்தைத் தானே கண்டுபிடித்துக் கோடு போடும். பக்கத்துத் தோளையும் சேர்த்துப் பிடித்துவிட்டால், Alt-ஐ அழுத்திக்கொண்டு அந்தத் தோளின் மேல் இழுங்கள், விலகிவிடும். புடவையின் ஓரமும் காதும் சரியாக வந்தால் இந்தக் கட்டத்தில் போதும். முடியைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள்.

முடிக்குத் தனி வழி இருக்கிறது. மேலே Refine Edge என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு புதிய பெட்டி திறக்கும். அங்கே படம் மூன்றாகப் பிரிந்திருக்கும்: உறுதியாக ஆள் இருக்கும் இடம், உறுதியாகப் பின்னணி, நடுவே இரண்டும் கலந்த சாம்பல் பகுதி. அந்தச் சாம்பல் பகுதியில் மட்டும் ஒவ்வொரு புள்ளியிலும் முடி எவ்வளவு, திரை எவ்வளவு என்று போட்டோபீ கணக்குப் போடுகிறது. ஆகவே நாம் செய்ய வேண்டியது, பிரிந்து நிற்கும் நரைமுடி முழுவதும் சாம்பலுக்குள் வரும்படி பிரஷ்ஷால் தீட்டுவது. காதையோ நெற்றியையோ சாம்பலாக்கினால் அவையும் பாதி கரைந்துவிடும். அதனால் சாம்பல் பட்டையை முடி இருக்கும் இடத்தில் அகலமாகவும், தோள் பக்கம் மிக ஒல்லியாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிடைத்த தேர்வை மாஸ்க்காக மாற்ற வேண்டும். இங்கே பலரும் அவசரப்பட்டு Delete அழுத்திவிடுகிறார்கள். அப்படி அழித்துவிட்டால், காணாமல் போன காது மடலை அந்த லேயரில் பிறகு மீட்க முடியாது. லேயர் பேனலின் அடியில் உள்ள மாஸ்க் பொத்தானை அழுத்தினால் எதுவும் அழிவதில்லை, மறைய மட்டும் செய்யும். மாஸ்க்கில் கறுப்பால் தீட்டினால் மறையும், வெள்ளையால் தீட்டினால் திரும்ப வரும். Alt-ஐ அழுத்திக்கொண்டு மாஸ்க்கின் சின்னப் படத்தைத் தட்டுங்கள். பாட்டி வெள்ளை உருவமாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் தெரியும். கறுப்பில் அங்கங்கே புகை போன்ற சாம்பல் திட்டுகள் இருந்தால், அவை அழியாமல் மிஞ்சிய திரை. கறுப்பு பிரஷ்ஷால் துடைத்துவிடலாம்.

அடுத்து, பாட்டிக்குக் கீழே ஒரு லேயர் போட்டு முதலில் கறுப்பும் பிறகு வெள்ளையும் நிரப்பிப் பாருங்கள். இவை சோதனைக்கு மட்டும். ஒரு நிறத்தில் கண்ணுக்குத் தப்பும் பிழை இன்னொன்றில் பிடிபடும். இந்தப் படத்தில் நிச்சயம் பிடிபடுவது பச்சை விளிம்பு. நரைமுடி மெல்லியது, பின்னால் இருக்கும் திரையின் நிறம் அதன் வழியே கலந்துவிடும். மாஸ்க் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்தப் பச்சை முடியோடு சேர்ந்தே வரும். மாஸ்க்கைச் சுருக்கி அதைப் போக்க நினைத்தால் முடியும் போய், தலை கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிடும்.

அதனால் முடியை விட்டுவிட்டு நிறத்தை மட்டும் மாற்ற வேண்டும். பாட்டியின் லேயருக்கு மேல் ஒரு காலி லேயர் சேர்த்து, Layer > Clipping Mask கொடுங்கள். இனி அதில் தீட்டுவது பாட்டியின் மேல் மட்டுமே விழும். அந்த லேயரின் கலப்பு முறையை Color என்று மாற்றி, நடுத்தரச் சாம்பல் நிறத்தால் முடியின் ஓரத்தைத் தீட்டினால் பச்சை வற்றிவிடும். இந்த முறை வெளிச்சத்தையும் நிழலையும் தொடாது, நிறத்தை மட்டுமே மாற்றும். ஆகவே ஒவ்வொரு இழையும் அப்படியே நிற்கும். கன்னத்தின் ஓரத்திலும் பச்சை இருந்தால், பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து அங்கே லேசாகத் தீட்டுங்கள்.

இப்போதுதான் நிஜமான பின்னணி. அஞ்சலிப் படத்துக்கு மேகமும் ஜோதியும் தாமரையும் போடுவதை நான் விரும்புவதில்லை. முகத்திலிருந்து கண்ணை அவை இழுத்துவிடுகின்றன. வெளிர்நீலமோ சாம்பலோ போதும். தலைக்குப் பின்னால் கொஞ்சம் வெளிச்சமாகவும் மூலைகளில் கொஞ்சம் அடர்த்தியாகவும் வைத்தால் ஸ்டுடியோவில் எடுத்ததுபோல இருக்கும். வெள்ளை வேண்டவே வேண்டாம், நரைமுடி அதில் காணாமல் போய்விடும். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த முகம் என்றால், நீலத்தின் மேல் ஒட்டாமல் நிற்கும். முகத்தின் மஞ்சளைச் சற்றுக் குறையுங்கள், அல்லது சாம்பலுக்குள் துளி மஞ்சள் சேருங்கள்.

எந்த அளவில் அச்சடிக்கலாம் என்பதைக் கடைசியில் பார்த்தாக வேண்டும். குழுப் படத்திலிருந்து வெட்டிய பகுதி 900-க்கு 1,200 பிக்சல் இருந்தால், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 3-க்கு 4 அங்குலம்தான் துல்லியமாக வரும். 150 புள்ளி போதும் என்றால் 6-க்கு 8. சுவரில் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது ஒப்பேறும். Image Size-இல் எண்ணைக் கூட்டினால் பிக்சல் பெருகுமே தவிர, படத்தில் இல்லாத விவரம் வராது. பெரிய சட்டம்தான் வேண்டும் என்று வீட்டார் சொன்னால் வேறு படம் இருக்கிறதா என்று கேளுங்கள், அல்லது சுற்றிலும் அகலமான வெள்ளை அட்டை விட்டுச் சட்டம் போடச் சொல்லுங்கள்.

அச்சுக்கு File > Export as > JPG கொடுத்து, தரத்தை முழுதாக வையுங்கள். சுவரொட்டி அடிக்கும் கடையில் அவர்களே பின்னணி போடுவார்கள் என்றால், கீழ் லேயர்களை மறைத்துவிட்டு PNG-யாகக் கொடுங்கள். JPG-யில் ஒளி ஊடுருவும் இடம் என்பதே கிடையாது. கூடவே PSD-யையும் கொடுத்துவிட்டால், கடைக்காரர் போட்டோஷாப்பில் திறந்து, மாஸ்க்கில் விட்டுப்போன இழை ஏதாவது இருந்தால் அவரே சரிசெய்துகொள்வார்.