நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் உரை

மாமல்லபுரம் களப்பயணத்துக்கென இருந்த வழிகாட்டி உரையை, கைப்பேசியில் கேட்டபடி நடக்கும் ஒலி-ஒளி வழிகாட்டியாக மாற்றி எழுதினேன். பழைய உரை அர்ச்சுனன் தபசைப் பல்லவர் வரலாற்றிலிருந்து தொடங்கியது. வகுப்பறைக்கு அது சரி. பாறை முன் நிற்கும் மாணவருக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியாது.

புதிய உரை இது: “பாறையைப் பார்த்து நில்லுங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பிளவு தெரிகிறதா? அதற்கு வலப்பக்கம் பெரிய யானை. தந்தத்துக்குக் கீழே பின்னங்கால்களில் நிற்கும் பூனையைத் தேடுங்கள்.” பிறகு 10 விநாடி மௌனம். பூனையின் படம் அதன்பின்தான் திரையில் வரும். முன்பே வந்தால் மாணவர் கல்லைப் பார்க்கமாட்டார். “இனி பிளவுக்கு இடப்பக்கம், மேலே ஒற்றைக்காலில் தவம் செய்பவரைப் பாருங்கள். பூனை யாரைப் போல நிற்கிறது?” அவர் அர்ச்சுனனா, பகீரதனா என்ற விவாதமும் பல்லவர் வரலாறும் இதற்குப் பிறகே.

இடமறிந்து உரை தானாக ஒலிப்பதில்தான் சிக்கல். திறந்த வெளியிலும் கைப்பேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் விலகலாம். கிருஷ்ண மண்டபமோ தபசுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனி எல்லை வட்டம் வரைந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும். தபசின் முன் நிற்கும்போதே மண்டப உரை குறுக்கிடும். ஆகவே இரண்டுக்கும் ஒரே வட்டம் வைத்தேன். மண்டப உரை, “வந்துவிட்டேன்” என்ற பொத்தானைத் தொட்டால் மட்டுமே ஒலிக்கும். ஐந்து ரதங்கள் தள்ளி இருப்பதால் அங்கே நுழைந்ததும் உரை தானாகத் தொடங்கலாம். ஒரு ரதத்திலிருந்து அடுத்ததற்கு மறுபடி பொத்தான்தான், அவை அவ்வளவு நெருக்கம்.