எட்டாயிரம் யாருக்கு?

வங்கியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் எனக்குப் பழக்கம். பிறவியிலேயே பார்வை கிடையாது. கணினியில் வருவதை என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் படித்துச் சொல்ல, அதைக் கேட்டே வேலை செய்பவர். போன மாதம் ஒரு பிடிஎஃப் அனுப்பிவிட்டு போன் செய்தார். ஒரு அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை அறிவிப்பு, இரண்டு பக்கம்.

“அண்ணே, இதுல எட்டாயிரம் யாருக்கு? தங்கச்சி பாலிடெக்னிக்ல படிக்கிறா, ஹாஸ்டல்ல இருக்கா. அவளுக்கு உண்டா?”

அவர் காதில் விழுந்தது இதுதான்: இளங்கலை, பன்னிரண்டாயிரம், ஒன்பதாயிரம், முதுகலை, பதினைந்தாயிரம், பதினோராயிரம், பாலிடெக்னிக், எட்டாயிரம். நான் திறந்து பார்த்தால் கோடு போட்ட அழகான அட்டவணை. விடுதி மாணவருக்கு ஒரு பத்தி, வீட்டிலிருந்து வருவோருக்கு ஒரு பத்தி. பாலிடெக்னிக் வரிசையில் விடுதிக் கட்டம் காலி. கண்ணுக்கு அந்த வெற்றிடம் தெரிகிறது. கோப்பிலோ அங்கே எதுவுமே இல்லை.

பிடிஎஃப் பிறந்தது அச்சுக்காக. ‘இந்த எழுத்தை இந்த இடத்தில், இந்த அளவில் வை’ என்பதுதான் அதன் அடிப்படை மொழி. இது தலைப்பு, இது பட்டியல், இது அட்டவணைக் கட்டம் என்று உள்ளுக்குள் குறித்துவைக்கும் வசதி 2001இலேயே வந்துவிட்டது. ஆனால் வேர்டில் தட்டிவிட்டு அச்சடிக்கும் கட்டளை வழியாக பிடிஎஃப் ஆக்கினால் அந்தக் குறிப்புகள் போய்விடும். இந்தக் கோப்பும் அந்த ரகம். சரி, இணையப் பக்கமாக மாற்றித் தருகிறேன் என்றேன். முதலில் மூல வேர்டு கோப்பைத்தான் கேட்டுப் பார்த்தேன். அது கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கிடைக்கவில்லை.

மாற்றும் கருவியைத் தேடும் முன் ஒரு சோதனை உண்டு. பிடிஎஃபில் ஒரு வரியைத் தேர்ந்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். எதையும் தேர்வே செய்ய முடியாவிட்டால் அது ஸ்கேன் செய்த படம். டெசராக்ட் போன்ற எழுத்துணரிக்குத்தான் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வோர் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் jkpo; என்று ஒட்டினால், பாமினி போன்ற பழைய எழுத்துரு. திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. யூனிகோடு மாற்றி ஒன்றில் போட்டால் திரும்பிவிடும்.

எனக்குக் கிடைத்தது மூன்றாவது வகை. தமிழாகவே ஒட்டியது, ஆனால் ‘கொடை’ என்பது ‘ெகாைட’ என்று வந்தது. காரணம் நம் எழுத்தின் அமைப்பு. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஐகாரக் குறியையும் எழுத்துக்கு முன்னால் வரைகிறோம். யூனிகோடிலோ மெய்யை முதலில் வைத்து, குறியை அதன் பின்னால் சேர்க்க வேண்டும். பிடிஎஃப் வரைந்த வரிசையிலேயே கொடுத்துவிடுகிறது. கண்டுபிடிப்பது எளிது: தமிழில் எந்தச் சொல்லும் கொம்பில் தொடங்காது, இடைவெளியை அடுத்துக் கொம்போ, புள்ளி வட்டமோ தெரிந்தால் கோளாறுதான். திருத்தும்போதுதான் கவனம் தேவை. கோப்பு முழுக்கத் தப்பாக இருந்தால் எல்லாக் கொம்பையும் ஓர் எழுத்து பின்னால் தள்ளலாம். பாதி சரி, பாதி தப்பு என்றால் அந்த ஒரே கட்டளை சரியானதையும் கெடுத்துவிடும். நான் பத்தி பத்தியாகத்தான் செய்தேன். இரண்டு பக்கம்தானே.

அடுத்து தலைப்புகள். கருவி எழுத்தின் அளவையும் தடிமனையும் பார்த்து ஊகிக்கிறது. அறக்கட்டளையின் பெயர் இரண்டு பக்க உச்சியிலும் இருந்ததால் இரண்டு முதன்மைத் தலைப்பு ஆக்கிவிட்டது. ‘தாமதமாக வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படா’ என்ற தடித்த வாக்கியத்தையும் தலைப்பாக்கிவிட்டது. திரைவாசிப்பானில் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவுபவருக்கு இது பொய்யான பெயர்ப்பலகை. நான் அறிவிப்பின் பெயரை h1 ஆக்கினேன். தகுதி, உதவித்தொகை, விதிகள், விண்ணப்பிக்கும் முறை நான்கையும் h2 ஆக்கினேன். அந்தத் தடித்த வாக்கியம் தடித்த வாக்கியமாகவே இருக்கட்டும்.

விதிகள் மொத்தம் ஒன்பது. முதல் பக்கத்தில் ஐந்து, மறுபக்கத்தில் நான்கு. நடுவில் பக்க எண் வந்ததும் கருவி பட்டியலை அங்கேயே முடித்துவிட்டு, அடுத்ததை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. விதி 7, விதி 2 ஆகிவிட்டது! அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ‘காலியான இடத்துக்கு விதி 7 காண்க’ என்று இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பக்க எண்ணைத் தூக்கிவிட்டு ஒன்பதையும் ஒரே ol பட்டியலாக இணைத்தேன்.

அட்டவணைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. டபுலா என்ற இலவசக் கருவியில் அட்டவணையைச் சுற்றிக் கட்டம் வரைந்தால் உள்ளே இருப்பதைப் பிரித்துத் தரும். அதில் இரண்டு முறை. ஒன்று எழுத்துகளுக்கு இடையிலுள்ள வெளியைப் பார்த்துப் பத்தி பிரிப்பது. மற்றது வரைந்த கோடுகளைப் பார்ப்பது. கோடு போட்ட அட்டவணைக்கு இரண்டாவதுதான் பொருத்தம். காலிக் கட்டம் காலியாகவே வரும். நான் முதலில் பயன்படுத்திய கருவியோ 8,000ஐ இடப்பக்கம் இழுத்து விடுதிப் பத்தியில் உட்கார வைத்திருந்தது. பார்க்க அட்டவணை ஒழுங்காகவே இருந்தது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் நண்பர் தங்கைக்கு எட்டாயிரம் உண்டு என்றே நம்பியிருப்பார்.

மூலத்தில் ‘உதவித்தொகை’ என்ற ஒரே தலைப்பு இரண்டு பத்திக்கும் மேல் விரிந்து கிடந்தது. அதை எடுத்து அட்டவணையின் பெயராக்கினேன். விரிந்த தலைப்பைச் சரியாகச் சொல்ல வழி இருக்கிறது, ஆனால் கேட்பவருக்குத் தட்டையான அட்டவணையே எளிது.

```html
<table>
 <caption>ஆண்டு உதவித்தொகை (ரூபாய்)</caption>
 <tr>
  <th scope="col">படிப்பு</th>
  <th scope="col">விடுதி மாணவர்</th>
  <th scope="col">வீட்டிலிருந்து வருவோர்</th>
 </tr>
 <tr>
  <th scope="row">பாலிடெக்னிக்</th>
  <td>விதி 7 காண்க</td>
  <td>8,000</td>
 </tr>
</table>
```

th என்பது தலைப்புக் கட்டம். அது கீழே உள்ள பத்திக்கா, பக்கத்தில் உள்ள வரிசைக்கா என்பதை scope சொல்கிறது. இது இல்லாமல் வெறும் td மட்டும் போட்டு, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. கேட்பவருக்குப் பழைய எண் வரிசைதான். காலிக் கட்டத்தில் அடிக்குறிப்பையே எழுதிவிட்டேன். காலியாக விட்டிருந்தால் திரைவாசிப்பான் அங்கே ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். கீழே குறிப்பு இருப்பது தெரியாது.

பக்கத்தின் முதல் வரியில் `<html lang="ta">` என்று மொழியையும் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் சில கணினிகளில் ஆங்கிலக் குரலே தமிழைப் படிக்கத் தொடங்கி, பாதியை விழுங்கிவிடும்.

தானாகப் பிழை காட்டும் சோதனைக் கருவிகள் உண்டு. விட்டுப்போன மொழிக் குறிப்பை அவை பிடித்துவிடும். தப்பான பத்தியில் உட்கார்ந்த 8,000ஐ எதுவும் பிடிக்காது. ஆகவே திரையை அணைத்துவிட்டு நானே என்விடிஏவில் கேட்டேன். டி விசை அட்டவணைக்குப் போகும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கட்டத்துக்குக் கட்டம் நகரலாம். புதிய பத்திக்குப் போனால் அதன் தலைப்பையும் சொல்லும். ஆறு எண்களையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். ஆறு என்றா சொன்னேன்? ஐந்துதான், ஆறாவது அந்தக் காலிக் கட்டம்.

மாலையில் நண்பர் போனில் இருந்தபடியே பக்கத்தைத் திறந்தார். அவருடைய ஸ்பீக்கர் எனக்கும் கேட்டது: பாலிடெக்னிக், விடுதி மாணவர், விதி 7 காண்க. எல் விசையைத் தட்டினார். ஒன்பது உருப்படிகள் கொண்ட பட்டியல் என்றது. ஐயைத் தட்டித் தட்டி ஏழாவதுக்குப் போனார். விடுதியில் தங்கும் பாலிடெக்னிக் மாணவர்கள் தனிப் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்று இருந்தது.

“அந்தப் படிவம் எங்கண்ணே?” என்றார்.

அதுவும் ஒரு பிடிஎஃப்தான். ஸ்கேன் செய்தது.