அம்மாவின் லாக்கரைத் திறக்கப் போகிறீர்களா? நாமினிக்குச் சாவிதான்... நகை எல்லோருக்கும்!

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தபந்தங்கள் ஊர் திரும்பும் நேரத்தில்தான் பல வீடுகளில் லாக்கர் பேச்சு ஆரம்பிக்கும். ``அம்மாவோட காசுமாலை லாக்கர்லதானே இருக்கு அண்ணா?’’ என்று தங்கை கேட்பார். ``நான்தான் நாமினி, நான் பாத்துக்கறேன்’’ என்பார் அண்ணன். இந்த இரண்டு வரிகளில் தொடங்கும் மனக்கசப்பு, சில குடும்பங்களில் நீதிமன்ற வாசல் வரை போயிருக்கிறது. இதற்குக் காரணம் பெரும்பாலும் பேராசை அல்ல. நாமினி என்றால் யார், லாக்கர் திறக்கும் நாளில் என்ன நடக்கும் என்பது தெரியாததுதான்.

தஞ்சாவூர் பக்கத்துக் குடும்பம் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். திருவையாறு அருகே ஒரு கிராமத்தில் வசித்த அம்மா இறந்துவிட்டார். அப்பா ஏற்கெனவே இல்லை. தஞ்சாவூரில் உள்ள வங்கிக் கிளையில் அம்மா பெயரில் மட்டும் லாக்கர் இருக்கிறது. உள்ளூரில் விவசாயம் பார்க்கும் மூத்த மகன்தான் நாமினி. மகள் மன்னார்குடியில் இருக்கிறார். இளைய மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்.

முதலில் செய்யக் கூடாதது

``சாவிதான் நம்மகிட்ட இருக்கே, பேங்க்ல சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை திறந்து பாத்துடலாம்’’ என்ற எண்ணமே முதல் தவறு. உயிரோடு இருந்தபோது லாக்கரை இயக்க அம்மா யாருக்காவது அதிகாரக் கடிதம் கொடுத்திருந்தாலும், அவர் இறந்த கணமே அது செல்லாததாகிவிடும்.

லாக்கர் எந்த நாளில், எந்த நேரத்தில் திறக்கப்பட்டது என்பது வங்கிப் பதிவேட்டில் இருக்கும். பெட்டக அறையின் வாசலில் பதிவாகும் கேமரா காட்சிகளைக் குறைந்தது 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இறந்த தேதிக்குப் பிறகு லாக்கர் திறக்கப்பட்டிருந்தால், எதையும் எடுக்காதவர்கூட எடுத்தவராகவே பார்க்கப்படுவார்.

நாமினி கொடுக்க வேண்டியவை

நாமினி பதிவு சரியாக இருந்தால், கேட்கப்படும் ஆவணங்கள் மூன்றுதான். வங்கியின் உரிமைகோரல் படிவம், இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று. லாக்கர் சாவியையும் கொண்டுபோக வேண்டும். வாடகை பாக்கி இருந்தால் அதைக் கட்டிவிடுவது நல்லது.

நாமினியிடம் வாரிசுச் சான்றிதழோ, நீதிமன்ற உத்தரவோ, ஜாமீன்தாரரோ வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது. நாமினி பதிவில் ஏதாவது முரண்பாடு இருந்தால் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. பொதுத்துறை வங்கியானாலும், 1904-ல் கும்பகோணத்தில் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கி போன்ற தனியார் வங்கியானாலும் இதுதான் விதி.

நம் ஊரில் சிக்கல் வருவது வேறு இடத்தில். ஆதாரில் அப்பா இனிஷியல், வங்கியில் கணவர் இனிஷியல், இறப்புச் சான்றிதழில் இனிஷியலே இல்லை என்று ஒரே அம்மாவுக்கு மூன்று விதமாகப் பெயர் இருக்கும். அதனால், இறப்பைப் பதிவு செய்யும்போதே வங்கிப் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். ஏற்கெனவே வித்தியாசம் இருந்தால், இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தை வங்கி கேட்கலாம்.

2025 செப்டம்பர் 26 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய விதிமுறைகளை, 2026 மார்ச் 31-க்குள் வங்கிகள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு விதிக்கப்பட்டது. தேவையான எல்லா ஆவணங்களும் கிடைத்த 15 நாள்களுக்குள் கோரிக்கையைப் பரிசீலித்து, லாக்கரைத் திறந்து பட்டியல் எடுக்கும் தேதியை வங்கி தெரிவிக்க வேண்டும். வங்கியின் காரணத்தால் தாமதமானால், நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். அதனால், ஆவணங்களைக் கொடுக்கும்போதே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள். 15 நாள் கணக்குக்கு அதுதான் சாட்சி.

பட்டியல் எடுக்கும் நாள்

லாக்கரில் உள்ளவற்றை நாமினியிடம் கொடுப்பதற்கு முன்பு, வங்கி கட்டாயம் ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45-இசட்.இ பிரிவு இதைச் சொல்கிறது. நாமினி, லாக்கர் பிரிவோடு சம்பந்தம் இல்லாத ஒரு வங்கி அதிகாரி, இரண்டு பொதுச் சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில் பட்டியல் எடுக்கப்படும். சாவி தொலைந்துபோயிருந்தால், நாமினியின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு லாக்கரை உடைத்துத் திறப்பார்கள். அதற்கான செலவு பொதுவாக நம் தலையில்தான் விழும்.

பட்டியல் படிவத்தில் முக்கியமான கட்டங்கள் இரண்டு. ஒன்று, பொருளின் விவரம். இன்னொன்று, அடையாளம் காண உதவும் பிற விவரங்கள். பிரச்னைக்கு விதை போடுவது, இந்த இரண்டாவது கட்டத்தைக் காலியாக விடுவதுதான். வங்கி அதிகாரி நகை மதிப்பீட்டாளர் அல்ல. அவர் எடை போட்டுப் பார்க்க மாட்டார், தரத்தையும் உரசிப் பார்க்க மாட்டார். `மஞ்சள் உலோகச் சங்கிலி - 1' என்று எழுதிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுவார். அந்தச் சங்கிலி மூன்று பவுனா, எட்டுப் பவுனா என்பது பட்டியலில் இருக்காது. நாளைக்குச் சண்டை வந்தால், இந்த ஒரு வரியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

நம் உதாரணக் குடும்பத்தில், மூத்த மகன் அதிகாரியிடம் பொறுமையாகக் கேட்டு இப்படி எழுதவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். `காசுமாலை 1 - காசுகள் 52. இரட்டை வடச் சங்கிலி 1 - முகப்பில் சிவப்புக் கல் 5. வளையல் 6 - இரண்டில் ஹால்மார்க் எண் உள்ளது. கிரயப் பத்திரம் 1 - ஆவண எண், ஆண்டு. ஒட்டிய கவர் 1 - திறக்கப்படவில்லை.' காசுகளை எண்ணியதும், கல்லைக் குறித்ததும்தான் இங்கே முக்கியம். புது நகைகளில் ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் இருந்தால், அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒரு பூதக்கண்ணாடியைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

ஒட்டிய கவரை வங்கி பிரிக்காது, பிரிக்கவும் கூடாது. அதில் உயில் இருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு, மற்ற வாரிசுகள் முன்னிலையில் பிரிப்பதுதான் நாமினிக்குப் பாதுகாப்பு.

பட்டியலின் கடைசியில், `இதில் உள்ள பொருள்களையும் பட்டியலின் நகலையும் பெற்றுக்கொண்டேன்' என்று நாமினி கையெழுத்துப் போடுவார். அதோடு வங்கியின் பொறுப்பு முடிந்தது. நாமினியின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. அன்றே நேராக ஒரு நகைக்கடைக்குப் போய், ஒவ்வொரு நகையையும் எடை போட்டு, படம் எடுத்து, பட்டியல் நகலோடு தங்கைக்கும் தம்பிக்கும் அனுப்பிவிட்டால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

நாமினி உரிமையாளர் அல்ல

ராம் சந்தர் தல்வார் எதிர் தேவேந்தர் குமார் தல்வார் வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வங்கியில் இருந்த பணம் தொடர்பான வழக்கு அது. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர் மட்டுமே. அந்தப் பணம் வாரிசுரிமைச் சட்டப்படிதான் போய்ச்சேரும் என்றது நீதிமன்றம். லாக்கர் நாமினியும் வாரிசுகளின் சார்பில் பொருளைப் பெற்றுக்கொள்ளும் அறங்காவலர் மட்டுமே என்பதை வங்கிகள் சொல்லியே கொடுக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி.

சரி, உதாரணக் குடும்பத்தின் கணக்குக்கு வருவோம். கவரில் உயில் இல்லை. எடை போட்டதில் மொத்தம் 36 பவுன், அதாவது 288 கிராம். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். இங்கே கணவர் இல்லை. எனவே, மூன்று பிள்ளைகளுக்கும் தலைக்கு 12 பவுன். மகளுக்குத் திருமணத்தில் சீர் செய்தாயிற்று என்று அவருடைய பங்கைக் குறைக்க முடியாது. மூத்த மகனுக்கும் 12 பவுன்தான். அதுவும் மகன் என்பதால் கிடைப்பதே தவிர, நாமினி என்பதால் அல்ல. உயில் இருந்திருந்தால், அம்மா தன் சொந்த நகைகளை யாருக்கு எழுதினாரோ அவருக்கே போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். லாக்கருக்குள் இருப்பதாலேயே எல்லாமே அம்மாவுடையதாகிவிடாது. மருமகளின் கல்யாண நகையை மாமியார் லாக்கரில் வைப்பது நம் வீடுகளில் சகஜம். அது மருமகளுக்கே சொந்தம். பங்கு பிரிப்பதற்கு முன்பே, ரசீதையோ கல்யாண போட்டோவையோ காட்டி அதைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

`40 பவுன் இருந்துச்சே!'

டெல்டா குடும்பங்களில் லாக்கர் நகை அடிக்கடி இடம் மாறும். மேட்டூர் அணை திறந்து குறுவைக்குப் பணம் தேவைப்படும்போது, கூட்டுறவு சங்கத்துக்கு அடகுக்குப் போகும். அறுவடைப் பணம் வந்ததும் மீட்கப்பட்டு லாக்கருக்குத் திரும்பும். அம்மா இறந்த நேரத்தில் ஒரு சங்கிலி அடகில் இருந்தால், லாக்கரில் குறைவது இயல்பே. ஆனால், சந்தேகம் நாமினி மேல்தான் விழும். எனவே, லாக்கரைத் திறப்பதற்கு முன்பே அம்மாவின் பெட்டி, பீரோவில் அடகு ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். அடகில் உள்ள நகைக்கு லாக்கர் நாமினி என்ற தகுதி செல்லாது. கடன் கொடுத்த சங்கத்திலோ வங்கியிலோ வாரிசுகள் தனியாக விண்ணப்பித்து, கடனைக் கட்டித்தான் மீட்க வேண்டும்.

நாமினி மேல் நியாயமான சந்தேகம் இருக்கும் வாரிசு, `அவருக்குக் கொடுக்காதீர்கள்' என்று வங்கிக்குக் கடிதம் எழுதினால் போதாது. அந்தக் கடிதம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற உத்தரவு வந்தால்தான் வங்கி நிறுத்தும். பொருள் நாமினி கைக்குப் போய்விட்டாலும், அவர்மீது உரிமை கோரி வழக்குப் போடும் வழி திறந்தே இருக்கிறது.

நாமினியே இல்லையென்றால்..?

அப்போது வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து வர வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் மூலம் விண்ணப்பிக்கலாம். அதோடு, ஒருவர் பெற்றுக்கொள்வதில் மற்றவர்களுக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் வேண்டும். சிங்கப்பூர் மகன் போன்றவர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துக்குச் சான்று பெற்று அனுப்பும்படி பொதுவாகக் கேட்பார்கள். வாரிசுகளுக்குள் தகராறு என்றால் நீதிமன்றம்தான்.

வங்கி இழுத்தடித்தால், முதலில் வங்கியிடமே எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிட்டால், cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

2025 நவம்பர் 1 முதல் லாக்கருக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் பதியலாம். ஆனால், நால்வருக்கும் ஒரே நேரத்தில் உரிமை வராது. முதலில் உள்ளவர் உயிரோடு இல்லையென்றால்தான் அடுத்தவர் வருவார். உங்கள் லாக்கரில் நாமினியாக இருப்பவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாரா, பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள். லாக்கரில் உள்ள நகைகளின் பட்டியலை, எது யாருடையது என்ற குறிப்போடு ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, உள்ளேயே வைத்துவிடுங்கள்.