பஸ்ஸில் பையை மறந்துவிட்டேன்: ஜப்பானில் ஒரு வாக்கியத்தின் பயணம்

கியோட்டோ ரயில் நிலையத்தின் முன்னால் 206ஆம் எண் மாநகர பஸ்ஸில் ஒருவர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கியோமிஸு கோயிலுக்குப் போக வேண்டும். பின்வரிசையில் இடம் கிடைத்ததும் முதுகுப்பையைப் பக்கத்தில் வைக்கிறார். கோஜோஸக்கா நிறுத்தம் வந்ததும், முன்வாசலில் கட்டணத்தைப் போட்டுவிட்டு இறங்குகிறார். பஸ் திரும்பி மறைந்த பிறகுதான் முதுகு லேசாக இருப்பது தெரிகிறது. பாஸ்போர்ட்டும் கேமராவும் பைக்குள் இருக்கின்றன. மணி பத்தரை.

அவர் இப்போது ஓர் ஊழியரைத் தேடிப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: 'பஸு நி கபன் ஒ வஸுரெமஷ்த.'

தமிழருக்கு இந்த வாக்கியம் வியக்கத்தக்க அளவுக்கு எளிது. 'பஸு' என்பது பஸ். 'நி' என்பது நம் 'இல்' உருபு. 'கபன்' பை. 'ஒ' நம் 'ஐ' உருபு. 'வஸுரெமஷ்த' மறந்துவிட்டேன். சொல்லுக்குச் சொல் வரிசை மாறாமல் 'பஸ்ஸில் பையை மறந்துவிட்டேன்' என்றே வருகிறது. 'நான்' என்று சொல்லத் தேவையில்லை என்பதுகூட இரண்டு மொழிக்கும் பொது. அதனால் ஆங்கில வாக்கியத்தை மனதில் வைத்து மொழிபெயர்க்காமல் தமிழிலேயே நினைத்தால் போதும், சொற்கள் தாமாக இடம்பிடித்துக்கொள்ளும். பைக்குப் பதில் பணப்பை என்றால் 'ஸைஃபு', குடை என்றால் 'கஸ', மூக்குக்கண்ணாடி என்றால் 'மெகனெ', முதுகுப்பை என்றால் 'ர்யுக்கு'. மற்றதெல்லாம் அப்படியே நிற்கும்.

ஆனால் இந்த வாக்கியத்தில் மிக முக்கியமான சொல் பொருளின் பெயர் அல்ல, கடைசியில் நிற்கும் வினைச்சொல். பொருள் கையை விட்டுப் போனதைச் சொல்ல ஜப்பானியர் நான்கு வினைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்துகிறார்கள். அவற்றுள் எதைச் சொல்கிறோமோ, அதற்கேற்பத்தான் கேட்பவரின் அடுத்த கேள்வியும் தேடும் வழியும் அமையும்.

'வஸுரெமஷ்த' என்றால், ஓர் இடத்தில் வைத்தேன், எடுக்க மறந்தேன். இடம் தெரியும். ஆகவே ஊழியர் உடனே அந்த பஸ்ஸைப் பற்றிக் கேட்பார். இப்படி மறந்து வைத்த பொருளுக்கு 'வஸுரெமொனொ' என்று பெயர். ரயில் நிலையங்களில் இதைப் பெற்றுக்கொள்ளும் சாளரத்துக்கும் இந்தப் பெயர்தான்.

'ஒதொஷிமஷ்த' என்றால், என்னிடமிருந்து விழுந்துவிட்டது. தெருவில் நடக்கையில் பையிலிருந்து நழுவிய பணப்பை இந்த வகை. அப்படி விழுந்த பொருள் 'ஒதொஷிமொனொ'. இதற்குப் பெரும்பாலும் 'கோபன்' எனப்படும் தெருமுனைப் போலீஸ் சாவடிக்குத்தான் வழி காட்டுவார்கள், ஏனென்றால் வழியில் கண்டெடுத்தவர் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்.

'நகுஷிமஷ்த' என்றால், தொலைத்துவிட்டேன், எங்கே என்று தெரியாது. பயண மொழிக் கையேடுகளில் பலர் முதலில் கற்பது இதைத்தான். பஸ்ஸில் விட்டது நிச்சயமாகத் தெரிந்தும் இதைச் சொன்னால், கையில் இருக்கும் மிக நல்ல துப்பை நாமே மறைத்துவிடுகிறோம். ஊழியர் பஸ்ஸைத் தேடுவதற்குப் பதில், 'கோபனில் சொல்லுங்கள்' என்று அனுப்பிவிடக்கூடும்.

நான்காவது 'நுஸுமரெமஷ்த', அதாவது திருடப்பட்டுவிட்டது. இது குற்றப் புகார். போலீசார் இதற்குத் தொலைந்த பொருளுக்கான படிவத்தை எழுதாமல், திருட்டுக்கான வேறொரு படிவத்தை எழுதுவார்கள். பதற்றத்தில் தெரியாமல் இதைச் சொல்லிவிட்டால், பஸ் பணிமனையில் பத்திரமாக இருக்கும் பை ஒரு பக்கமும் விசாரணை ஒரு பக்கமுமாகப் போய்விடும்.

இங்கே தமிழ் நம்மை இடறிவிடும் ஓர் இடமும் உண்டு. நம் 'இல்' உருபு ஒன்றே எல்லா வேலையும் செய்கிறது. ஜப்பானிய மொழியில் அந்த வேலையை இரண்டு உருபுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. பொருள் போய்த் தங்கிவிட்ட இடத்துக்கு 'நி', செயல் நடந்த இடத்துக்கு 'தெ'. பை பஸ்ஸில் இன்னும் இருக்கிறது, ஆகவே 'பஸு நி'. இறங்குவது செயல், ஆகவே கோஜோஸக்காவில் இறங்கினேன் என்பது 'கோஜோஸக்கா தெ ஒரிமஷ்த'. மாற்றிச் சொன்னாலும் ஊழியர் புரிந்துகொள்வார். சரியாகச் சொன்னாலோ, மறுபடி விளக்கம் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இராது.

முதல் வாக்கியத்தைச் சொல்லியாகிவிட்டது. உண்மையான சிரமம் இனிமேல்தான், ஏனென்றால் பதில் ஜப்பானிய மொழியில் வரும், அதுவும் வாடிக்கையாளரிடம் பேசும் நீண்ட மரியாதைச் சொற்களோடு. முழு வாக்கியத்தையும் பிடிக்க முயல வேண்டாம், அதன் நடுவில் வரும் ஒரு சொல்லைப் பிடித்தால் போதும். அவர்கள் கேட்கப்போவது ஏறக்குறைய எப்போதும் நான்கு விஷயங்கள்தான்.

'நன்ஜி' காதில் விழுந்தால் நேரம் கேட்கிறார். 'ஜூஜி ஹன் கொரொ', அதாவது பத்தரை மணி வாக்கில். 'கொரொ' நம் 'வாக்கில்' போலவே நேரத்துக்குப் பின்னால் வரும். ஆனால் தொடக்க ஒலி 'கங்கை'யின் முதல் ககரம்போல் மெலிந்தது. 'தொகொ' என்றால் எங்கே: எங்கே ஏறினீர்கள், எங்கே இறங்கினீர்கள்? 206 ஊரைச் சுற்றிவரும் வட்டப் பாதை, அதே எண் இரு திசையிலும் ஓடுகிறது. ஆகவே எண்ணை மட்டும் சொன்னால் எந்த வண்டி என்று தெரியாது. ஏறிய நிறுத்தம், இறங்கிய நிறுத்தம், நேரம் மூன்றும் சேர்ந்தால்தான் ஊழியரால் அந்த ஒரு வண்டியைக் கண்டுபிடிக்க முடியும். 'இரொ' என்றால் நிறம். கறுப்பு முதுகுப்பை 'குரொய் ர்யுக்கு', நீலம் என்றால் 'அஒய்', சிவப்பு 'அகய்', வெள்ளை 'ஷிரொய்'. கடைசியாக 'நகமி', உள்ளே இருப்பது. 'பஸுபோதொ தொ கமெர தெஸ்': பாஸ்போர்ட்டும் கேமராவும்.

இந்தக் கடைசிக் கேள்வியைச் சந்தேகம் என்று எண்ணி வருந்தக் கூடாது. ஒரே நாளில் பணிமனைக்கு வந்து சேரும் கறுப்பு முதுகுப்பைகள் பல இருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவரே உரியவர். அதனால் 'ஒரு கேமரா' என்பதைவிட, உறையின் நிறம், பையில் தொங்கும் சாவிவளையம், உள்ளே மடித்து வைத்த துண்டு என்று தனக்கு மட்டுமே தெரிந்த ஓர் அடையாளத்தைச் சொல்வது பையை விரைவில் மீட்டுத் தரும்.

இந்த ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதுவதற்கு ஓர் எல்லை உண்டு. 'கபன்' என்பதன் பகரம் 'பஸ்' என்பதன் பகரம்போல் ஒலிக்க வேண்டும், 'நகுஷிமஷ்த'வின் ககரமோ வல்லினமாகவே இருக்க வேண்டும். பயணம் தொடங்கும்போதே விடுதி வரவேற்பறையில் ஒருமுறை சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். பேச்சு எட்டாதபோது 'கைதெ குதஸய்', அதாவது எழுதித் தாருங்கள், என்று கேட்கலாம்.

ஊழியர் தொலைபேசியை எடுத்து, அந்த வண்டி எந்தப் பணிமனையைச் சேர்ந்ததோ அங்கே பேசுவார். ஓடும் பஸ்ஸை நடுவழியில் நிறுத்தித் தேடுவது வழக்கமில்லை. ஓட்டம் முடிந்ததும் ஓட்டுநர் இருக்கைகளைப் பார்வையிட்டு, கிடைத்ததை ஒப்படைப்பார். ஆகவே முதல் பதில் 'மதா', இன்னும் இல்லை, என்று வந்தால் அதற்குப் பொருள் காணவில்லை என்பதல்ல, வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதாக இருக்கலாம். அப்போது அவர்கள் தொலைபேசி எண் கேட்பார்கள். வெளிநாட்டு எண்ணுக்கு அழைக்க அலுவலகம் தயங்கும். தங்கியிருக்கும் விடுதியின் எண்ணைக் கொடுத்து, 'ஹொதெரு நொ தென்வ பங்கோ தெஸ்', இது விடுதியின் தொலைபேசி எண், என்று சொல்வது நல்லது. கிடைத்துவிட்டால் நம் காதில் விழ வேண்டிய சொற்றொடர் 'தொதொய்தெ இமஸ்': வந்து சேர்ந்திருக்கிறது.

போக்குவரத்து நிறுவனம் பொருளைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை, பெரும்பாலும் சில நாட்களில் போலீசிடம் ஒப்படைத்துவிடும். எனவே இரண்டு மூன்று நாள் தாமதித்தவர் பணிமனையில் கேட்டு 'இல்லை' என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது, 'எந்தக் காவல் நிலையத்துக்குப் போனது' என்று கேட்க வேண்டும். டோக்கியோவில் மட்டும் ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இப்படிப் போலீசிடம் சேர்கின்றன. அவற்றுக்கென்றே ஈதபஷியில் தனி மையம் இயங்குகிறது. சட்டப்படி போலீசார் பொருளை மூன்று மாதம் வைத்திருப்பார்கள். 2007 டிசம்பர் வரை இது ஆறு மாதமாக இருந்தது. குடை, துணி போன்ற விலை குறைந்த பொருட்களுக்கு இரண்டு வாரத்துக்குப் பிறகு உத்தரவாதமில்லை. மூன்று மாதத்தில் உரியவர் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கே பொருள் சொந்தமாகும், ஆனால் செல்போன், அடையாள அட்டை போன்று ஒருவரின் விவரம் அடங்கியவை அப்படிக் கைமாறுவதில்லை.

இந்தச் சட்டத்தில் இன்னொரு சொல்லும் உண்டு, 'ஹோரோகின்', வெகுமதித் தொகை. தெருவில் பணப்பையைக் கண்டெடுத்துக் கொடுத்தவர், அதன் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை உரியவரிடம் வெகுமதியாகக் கேட்க உரிமை உண்டு. பஸ், கடை போன்ற இடத்துக்குள் கிடைத்திருந்தால் கண்டெடுத்தவரின் பங்கு அதில் பாதி. பலர் இந்த உரிமையை வேண்டாம் என்றே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நம் பயணி மாலையில் பணிமனைக்குப் போகிறார். பாஸ்போர்ட் பைக்குள்ளேயே இருப்பதால், அடையாளத்துக்குக் கைப்பேசியில் உள்ள அதன் படத்தைக் காட்டுகிறார். உள்ளிருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஊழியர் பையைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார், கையெழுத்து வாங்குகிறார், இரு கைகளாலும் பையை நீட்டுகிறார்.

திரும்பும் பஸ்ஸில் இறங்கும் நேரம் நெருங்க, 'ஒ வஸுரெமொனொ நொ நய் யோ...' என்ற அறிவிப்பு ஒலிக்கிறது. காலையில் அது வெறும் ஓசை. இப்போது அதில் 'நய் யோ' என்பது 'இல்லாதபடி' என்று அவர் காதுக்குப் புரிகிறது: மறந்துவைத்த பொருள் இல்லாதபடி கவனியுங்கள். பையின் வாரைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்.